ஒரே நொதியிடம் போய் நின்ற இரண்டு மாத்திரைகள்: ஸ்டென்ட் வைத்த ஒரு விவசாயியின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். டாக்டர் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, நோயாளி அவற்றைச் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பது என் வேலை. இதில் வரும் நோயாளியும் அவர் மனைவியும் மகனும் இதை எழுதச் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

அவருக்கு 58 வயது, எடை 56 கிலோ. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார், பெரும்பகுதி பெங்களூரா ரகம். ரத்தக்கொதிப்பு உண்டு, சர்க்கரை இல்லை. ஜனவரிக் கடைசியில் மாரடைப்பு வந்து எங்களிடம் சேர்ந்தார். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கிய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. அங்கே ஒரு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அவர் அதை "ஸ்பிரிங்" என்றுதான் சொல்வார், எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போகும்போது ஆறு மருந்துகள்: ஆஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோக்ரெல் 75 மி.கி., அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரலால், ராமிப்ரில், பான்டப்ரசோல் 40 மி.கி. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடும் என்பதால், அமிலத்தைக் குறைக்கும் கடைசி மருந்தைச் சேர்த்தார்கள்.

இந்த ஆறில் மூன்று மருந்துகள் அட்டையிலிருந்து எடுக்கும் வடிவத்தில் வேலை செய்யாதவை. குளோபிடோக்ரெல், ராமிப்ரில், பான்டப்ரசோல் மூன்றுமே உடம்புக்குள் போய் வேறொரு மூலக்கூறாக மாறிய பிறகுதான் மருந்தாகின்றன. இப்படிப்பட்டவற்றை முன்மருந்து என்கிறோம். மூன்றையும் மருந்தாக மாற்றிவிடும் பொருள் வேறு வேறு. சீட்டை எழுதியவருக்கும் எடுத்துக் கொடுத்த எனக்கும் இது தெரியும். ஆனாலும் படித்துத் தெரிந்த ஒன்று, நோயாளி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மே மாதச் சந்திப்பு: நான் தவறவிட்டது

மார்ச் மாதம் வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அடுத்து மே கடைசியில் வந்தார். அறுவடை நேரம். விடியற்காலை தோப்புக்குப் போய், வெறும் வயிற்றில் இரண்டு மூன்று டீ குடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் களி சாப்பிடுவதாகச் சொன்னார். நெஞ்சு வலி இல்லை. நடக்கும்போது மூச்சு வாங்கவும் இல்லை.

"கேஸ் மாத்திரை எடுத்துக்கறீங்களாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கறேன் மேடம். முன்ன எரிச்சல் இருந்துச்சு, இப்ப சுத்தமா இல்ல."

எடுக்கிறார் என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எரிச்சல் சுத்தமாக ஏன் நின்றது, என்ன மாறியது என்று கேட்கவில்லை. மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லவும் இல்லை. அன்றைய பதிவுத்தாளில் அமிலத்தைக் குறைக்கும் மருந்துக்கு நேராக என் கையெழுத்தில் ஒரு டிக் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை.

ஜூலையில் நடந்தது

ஜூலை நடுவில் ஒரு நாள் காலை நெஞ்சில் பாரம், வியர்வை. மகன் 108-ஐ அழைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். ஈசிஜியில் மாற்றம் இருந்தது. உடனே ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். ஜனவரியில் வைத்த அதே ஸ்டென்ட்டுக்குள் ரத்தக்கட்டி உட்கார்ந்து, குழாயில் பெரும்பகுதியை அடைத்திருந்தது. கட்டியை உறிஞ்சி எடுத்து, பலூன் வைத்து வழியைத் திறந்தார்கள். குழாய்க்குள்ளிருந்தே படமெடுத்துப் பார்த்ததில் ஸ்டென்ட் நன்றாக விரிந்து, சுவரோடு ஒட்டித்தான் இருந்தது.

ஸ்டென்ட்டுக்குள் கட்டி வந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது, நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்பதைத்தான். பல நேரங்களில் காரணமும் அதுவாகவே இருக்கும். எனவே வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், காலி அட்டைகளையும்கூட, அப்படியே கொண்டுவரச் சொன்னேன். மகன் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தார். மேசையில் கொட்டி எண்ணினோம். குளோபிடோக்ரெல் அட்டைகளில் தேதிப்படி இருக்க வேண்டியதைவிட இரண்டு மாத்திரைகள்தான் அதிகம் மிச்சம். இரண்டு மாதத்தில் இரண்டு வேளைதான் விட்டிருக்கிறார். இதைவிட ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் குறைவு.

அந்தக் குவியலில் பான்டப்ரசோல் ஒன்றுகூட இல்லை. இருந்தது ஒமெப்ரசோல் 20 மி.கி. கேப்சூல், ஏழு காலி அட்டைகளும் பாதி தீர்ந்த ஓர் அட்டையும்.

மனைவிதான் விளக்கம் சொன்னார். மே தொடக்கத்தில் மாத்திரை தீர்ந்துபோனது. ஊரில் உள்ள கடையில் பழைய அட்டையைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அது இருப்பில் இல்லை, இதுவும் கேஸ் மாத்திரைதான் என்று ஒமெப்ரசோல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வேளைக்கு எரிச்சல் நிற்காததால் காலையும் மாலையும் போட்டுக்கொண்டிருக்கிறார். எரிச்சல் நின்றுவிட்டது. பத்து வாரமாக இப்படி நடந்திருக்கிறது. நான் மே கடைசியில் டிக் போட்டது இந்த மருந்துக்குத்தான்.

அமைப்பில் என்ன இருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக மூலக்கூறைப் பார்க்க வேண்டும், நாங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன.

ரத்தத் தட்டணுவின் மேற்பரப்பில் பி2ஒய்12 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. ஏடிபி என்ற சிறு மூலக்கூறு அதில் வந்து உட்கார்ந்தால், தட்டணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டியாகும். அந்த இருக்கையை அடைப்பதுதான் குளோபிடோக்ரெலின் வேலை. ஆனால் குளோபிடோக்ரெலைச் சோதனைக்குழாயில் உள்ள ரத்தத்தில் நேரடியாகக் கலந்தால் ஒன்றும் நடக்காது. இதே குடும்பத்தில் மூத்ததான டிக்ளோபிடினும் அப்படித்தான். உயிருள்ள விலங்குக்குக் கொடுத்து, பிறகு அதன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. பி2ஒய்12 ஏற்பியை அடையாளம் கண்டதே 2001-இல்தான், குளோபிடோக்ரெல் 1997-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. தாக்கும் இலக்கு எதுவென்று தெரியாமலே கண்டுபிடித்த மருந்து இது.

குளோபிடோக்ரெல் மூலக்கூறில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு இடங்கள். ஒன்று, கந்தக அணு ஒன்று அடங்கிய தயோஃபீன் வளையம். மற்றொன்று, நடுவில் உள்ள கார்பனில் தொங்கும் மீத்தைல் எஸ்டர், அதாவது –COOCH₃ என்ற தொகுதி.

கல்லீரலில் இந்த மூலக்கூறுக்கு இரண்டு கதி. எஸ்டரேஸ் என்ற நொதி அந்த மீத்தைல் எஸ்டரை வெட்டிவிட்டால் வெறும் அமிலம் மிஞ்சும், அது தட்டணுவை ஒன்றும் செய்யாது. சாப்பிட்டதில் ஏறக்குறைய 85 சதவீதம் இப்படி வீணாகிறது. மீதி 15 சதவீதம்தான், மருந்துகளை உருமாற்றும் சிஒய்பி என்ற நொதிக் குடும்பத்திடம் போகிறது. அவை இரண்டு படியாக வேலை செய்கின்றன. முதல் படியில் தயோஃபீன் வளையத்தில் ஓர் ஆக்சிஜன் ஏறுகிறது. இரண்டாம் படியில் வளையம் உடைந்து, உள்ளே அடைபட்டிருந்த கந்தகம் –SH என்ற முனையாக வெளியே வருகிறது. அந்த முனைதான் உண்மையான மருந்து. அது பி2ஒய்12 ஏற்பியில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு போய்ப் பிணைந்துகொள்கிறது. கந்தகமும் கந்தகமும் சேர்ந்த அந்தப் பிணைப்பு விடாது. அந்தத் தட்டணு வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை அது முடங்கியே இருக்கும்.

இரண்டு படிகளிலும் கைகொடுக்கும் நொதி ஒன்று உண்டு, சிஒய்பி 2சி19. வேறு நொதிகளும் உதவுகின்றன, ஆனால் இது தளர்ந்தால் இரண்டு படியுமே தளரும். 75 மி.கி. மாத்திரையில் 11 மி.கி. அளவுதான் இந்த வழிக்கே வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சிறு பங்கும் குறைந்தால் தட்டணுவுக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம்.

இனி ஒமெப்ரசோல். அதுவும் முன்மருந்துதான், பான்டப்ரசோல் போலவே. குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தம் வழியாக இரைப்பைச் சுவரின் அமிலம் சுரக்கும் செல்லுக்குப் போகிறது. அங்கே உள்ள நுண்ணிய கால்வாயில் அமிலம் மிகக் கடுமையாக இருக்கும். அந்த அமிலமே ஒமெப்ரசோலை மடக்கி வேறு உருவாக்குகிறது, அந்த உருவம் அமிலப் பம்பில் உள்ள சிஸ்டீனின் கந்தகத்தோடு பிணைகிறது. கேப்சூலுக்குள் இருக்கும் சிறு குருணைகளுக்கு மேல்பூச்சு போட்டிருப்பதும் இதனால்தான். இரைப்பைக்குள்ளேயே அமிலம் பட்டுவிட்டால், சேர வேண்டிய செல்லுக்குப் போகும் முன்பே அது உருமாறி வீணாகிவிடும்.

ஆக இரண்டு மருந்துமே வேறு வேறு இடத்தில், ஒரே மாதிரிக் கந்தகப் பிணைப்பைப் போட்டு வேலை செய்கின்றன. அதில் மோதல் இல்லை. மோதல் கல்லீரலில். ஒமெப்ரசோல் தன் வேலையை முடிக்க 2சி19 தேவையில்லை, ஆனால் உடம்பிலிருந்து வெளியேற அது தேவை. வெளியேறும் வழியில் அந்த நொதியைப் பிடித்து முடக்கியும் வைக்கிறது. குளோபிடோக்ரெலுக்கோ பிறப்பதற்கே அந்த நொதி வேண்டும்.

எங்கள் பக்கக் கடைகளில் இதற்கு ஒரு தீர்வு சொல்வார்கள்: ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அது பலன் தராது. நொதி முடங்கினால் ஒமெப்ரசோல் ரத்தத்திலிருந்து போன பிறகும் முடக்கம் நீடிக்கும். பன்னிரண்டு மணி நேர இடைவெளி விட்டாலும் குளோபிடோக்ரெலின் செயல் குறைந்தே இருக்கிறது என்பதால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இடைவெளி விடுவதற்குப் பதில் ஒமெப்ரசோலையும் எசோமெப்ரசோலையும் தவிர்க்கச் சொல்கிறது. பான்டப்ரசோலும் 2சி19 வழியாகத்தான் போகிறது, ஆனால் அந்த நொதியை அவ்வளவாக முடக்குவதில்லை.

பரிசோதனை, முடிவு

சேர்ந்த அன்றே, புது மருந்து எதுவும் கொடுக்கும் முன், தட்டணு எவ்வளவு துடிப்பாக இருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்தோம். பிஆர்யு என்ற அளவில் விடை வரும். 208-க்கு மேல் போனால் மருந்து போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். அவருக்கு 254 வந்தது. 2சி19 மரபணுச் சோதனைக்கும் ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பினோம். அந்த முடிவு வரப் பத்து நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது.

இதய மருத்துவர் முன் மூன்று வழிகள் இருந்தன.

ஒமெப்ரசோலை மட்டும் நிறுத்திவிட்டு குளோபிடோக்ரெலைத் தொடரலாம். ஸ்டென்ட்டுக்குள் ஒருமுறை கட்டி வந்த பிறகு, நொதி மீளும் வரை காத்திருப்பது ஆபத்து என்று அதை முதலிலேயே ஒதுக்கினார்.

இரண்டாவது பிரசுக்ரெல். குளோபிடோக்ரெலின் தங்கை என்றே சொல்லலாம், 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அமைப்பு–செயல் தொடர்பைப் பாடமாக எடுக்கும்போது நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் மூலக்கூறு இது. இதை உருவாக்கியவர்கள் ஏற்பியில் போய் ஒட்டும் முனையின் தன்மையில் கை வைக்கவில்லை, அந்த –SH முனை அப்படியேதான் வருகிறது. மாற்றியது போகும் வழியை. நடுக் கார்பனில் தொங்கிய மீத்தைல் எஸ்டரை எடுத்துவிட்டு, எஸ்டரேஸ் வெட்ட முடியாத ஒரு கீட்டோனை வைத்தார்கள். பிறகு தயோஃபீன் வளையத்தின் மேல், ஆக்சிஜன் ஏற வேண்டிய அதே இடத்தில், முன்கூட்டியே ஓர் ஆக்சிஜனை வைத்து அதை அசிட்டைல் எஸ்டராக மூடினார்கள். இப்போது எஸ்டரேஸ் வந்து வெட்டினால் மருந்து வீணாகாது, முதல் படியே முடிந்துவிடும். சிஒய்பி நொதிகளுக்கு ஒரு படிதான் மிச்சம், அதையும் பல நொதிகள் பங்கிட்டுக்கொள்வதால் 2சி19 ஒன்று தளர்ந்தாலும் பெரிய இழப்பில்லை. மூலக்கூறில் எஸ்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கிய வேறுபாடு. ஓரிடத்தில் இருந்தால் மருந்தை அழிக்கிறது, இன்னோரிடத்தில் இருந்தால் மருந்தை எழுப்புகிறது.

இதே ஆளின் சீட்டிலேயே இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. ராமிப்ரிலிலும் ஓர் எஸ்டர் இருக்கிறது. அதை வெட்டுவதும் குளோபிடோக்ரெலை வீணாக்கும் அதே கல்லீரல் எஸ்டரேஸ்தான். அங்கே எஸ்டர் போனால் ராமிப்ரிலாட் என்ற செயல்படும் வடிவம் கிடைக்கிறது. ராமிப்ரிலாட்டை அப்படியே மாத்திரையாகக் கொடுத்தால் இரண்டு அமிலத் தொகுதிகளோடு குடலில் சரியாக உறிஞ்சப்படாது, அதனால்தான் ஓர் அமிலத்தை எஸ்டராக மூடி அனுப்புகிறார்கள். ஒரே கல்லீரலில், ஒரே நொதி, ஒரே காலையில் ஒரு மாத்திரையைக் கெடுக்கிறது, இன்னொன்றை மருந்தாக்குகிறது.

சரி, முடிவுக்கு வருகிறேன். எடை 60 கிலோவுக்குக் குறைவு என்பதால் பிரசுக்ரெலைப் பாதி அளவில், 5 மி.கி., தரலாம் என்று மருத்துவர் நினைத்தார். முன்பு பக்கவாதமோ, வந்து தானே சரியாகிவிட்ட சிறு பக்கவாதமோ இருந்தால் மூளையில் ரத்தக்கசிவு அபாயம் காரணமாக இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. பழைய பதிவில் பக்கவாதம் இல்லை என்றுதான் இருந்தது. ஏற்கனவே ஒரு டிக்கை நம்பி ஏமாந்திருந்ததால், இந்த முறை மனைவியிடம் வேறு மாதிரி கேட்டேன்: எப்போதாவது கை கால் மரத்துப்போய், வாய் குழறி, அப்புறம் தானே சரியானது உண்டா?

அவர் கொஞ்சம் யோசித்தார். "மூணு வருசத்துக்கு முன்ன தைப்பொங்கலப்ப ஒரு நாள் இடது கையில சொம்பு நிக்கல மேடம். பேச்சும் ஒரு மாதிரி இழுத்துச்சு. வெயிலுன்னு நினைச்சுப் படுக்க வெச்சோம். அரை மணி நேரத்துல எழுந்து உக்காந்துட்டாரு. அத யாருகிட்டயும் சொல்லல."

தை மாதத்தில் என்ன வெயில் என்று அவருக்கே சொன்ன பிறகு தோன்றியது, கண் கலங்கிவிட்டது. மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். பிரசுக்ரெல் கைவிடப்பட்டது.

மிஞ்சியது டிகாக்ரெலார். இது முன்மருந்தே இல்லை. விழுங்கிய வடிவத்திலேயே ஏற்பியில் போய் உட்காரும், 2சி19 தேவையில்லை. முதலில் 180 மி.கி., பிறகு காலை 90, இரவு 90 என்று தொடங்கினோம். இதோடு ஆஸ்பிரின் 100 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, அவர் எடுப்பது 75 என்பதால் மாற்றவில்லை. ஒமெப்ரசோலை நிறுத்திப் பான்டப்ரசோல் 40 மி.கி. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு என்று எழுதினார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

மரபணு முடிவு பத்தாவது நாள் வந்தது: *1/*2. பெற்றோர் இருவரிடமிருந்தும் கிடைத்த இரண்டு பிரதிகளில் ஒன்று இயல்பானது, மற்றது வேலை செய்யாத வடிவம். இப்படிப்பட்டவர்களுக்கு 2சி19 இயல்பைவிடக் குறைவாகவே இருக்கும். இது அரிதான ஒன்றல்ல, தென்னிந்தியர்களிடையே சகஜமாகக் காணப்படும் வகை. இவருக்கு இருந்ததே அரைப்பங்கு போன்ற ஒரு நொதி. அந்த அரையையும் தினம் இரண்டு வேளை ஒமெப்ரசோல் பிடித்து வைத்திருந்தது.

வீடு திரும்பிய நான்காம் நாள் மகன் போன் செய்தார். அப்பாவுக்கு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுகிறது, மறுபடி அடைப்பா என்று பதறினார். உடனே வரச் சொன்னோம். ஈசிஜி, எக்கோ இரண்டிலும் புதிதாக எதுவும் இல்லை. ஆக்சிஜன் அளவு 98, நுரையீரலில் நீர் இல்லை. டிகாக்ரெலாரில் இது தெரிந்த பக்கவிளைவு. பெரும்பாலும் லேசாக வந்து தானே குறையும். ஆனால் மாரடைப்பு வந்த ஒருவருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார். நாங்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம், ஆனால் வீட்டுக்குப் போகும் நாளில் சொன்ன இருபது விஷயங்களில் ஒன்றாகச் சொன்னோம். மூன்று வாரத்தில் மூச்சு முட்டல் அடங்கியது.

இரண்டு வேளை மாத்திரை என்பது இன்னொரு கவலை. குளோபிடோக்ரெலின் பிணைப்பு விடாதது என்பதால் அது வேலை செய்யும் ஆட்களுக்கு ஒரு நாள் மறந்தாலும் முடங்கிய தட்டணுக்கள் முடங்கியே இருக்கும். டிகாக்ரெலார் ஏற்பியில் உட்கார்ந்து எழுந்து போகும் வகை. விட்டால் காவல் வேகமாகக் குறைந்துவிடும். அறுவடையின்போது இரவில் லோடு ஏற்றிவிட்டு வந்து அசந்து தூங்கும் ஆள் அவர். அதனால் இரவு மாத்திரையைச் சாப்பாட்டோடு மனைவியே எடுத்துக் கொடுப்பது என்று முடிவானது.

இப்போது ஓராண்டு தாண்டிவிட்டது. மறுபடி கட்டி வரவில்லை, வயிற்றில் ரத்தக்கசிவும் இல்லை. பன்னிரண்டு மாதம் முடிந்ததும் மருத்துவர் டிகாக்ரெலாரை நிறுத்தினார். ஆஸ்பிரினும் மற்றவையும் தொடர்கின்றன.

எவ்வளவு தூரம் சொல்லலாம்

ஒமெப்ரசோல்தான் இந்தக் கட்டிக்குக் காரணம் என்று நான் எழுத மாட்டேன். கட்டி உண்டாகும் நேரத்தில் தட்டணுக்கள் தாமாகவே கொதிநிலையில் இருக்கும், எனவே 254 என்ற அளவில் ஒரு பகுதி நிகழ்வின் விளைவாகவே இருந்திருக்கலாம். மரபணுவின் பங்கு எவ்வளவு, ஒமெப்ரசோலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால், ஒமெப்ரசோலை நிறுத்தி, குளோபிடோக்ரெலை மட்டும் இரண்டு வாரம் கொடுத்து மறுபடி அளந்திருக்க வேண்டும். அவரை அந்த ஆபத்தில் வைத்து அளக்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

இன்னொன்றும் உண்டு. குளோபிடோக்ரெலோடு ஒமெப்ரசோல் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்த கோஜென்ட் என்ற சோதனை 2010-இல் வெளியானது. அதில் 3,700-க்கு மேற்பட்டவர்கள். ஒமெப்ரசோல் எடுத்தவர்களுக்கு வயிற்று ரத்தக்கசிவு குறைந்தது, இதய நிகழ்வுகள் கூடவில்லை. அந்தச் சோதனை பணமில்லாமல் இடையிலேயே நின்றுபோனது, அதனால் அதுவே கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்த ஜோடியைச் சாப்பிட்ட எல்லோருக்கும் ஸ்டென்ட் அடைத்துவிடும் என்று சொல்வதும் தவறு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நொதி ஏற்கனவே குறைவாக இருந்து, ஸ்டென்ட் புதிதாக இருந்து, ஒமெப்ரசோல் இரட்டை அளவில் போனவர் இவர்.

மாற்றியவை

ஸ்டென்ட் வைத்தவர்களின் பதிவுத்தாளில் கேஸ் மாத்திரைக்கு நேராக டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டேன். அங்கே பெயரையும் மில்லிகிராமையும், அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து எழுத வேண்டும். அட்டை கொண்டுவராதவர்களிடம் மறுநாள் போனில் படம் அனுப்பச் சொல்கிறோம். முதல் இரண்டு மாதத்தில் குளோபிடோக்ரெல் சாப்பிடும் நான்கு பேரிடம் ஒமெப்ரசோல் இருந்தது, ஒருவரிடம் எசோமெப்ரசோல். ஐந்து பேருக்கும் மருத்துவரிடம் கேட்டுப் பான்டப்ரசோலுக்கு மாற்றினோம்.

பக்கவாதம் வந்ததுண்டா என்ற கேள்வியையும் மாற்றினோம். சொம்பு கையில் நிற்காமல் போனதுண்டா, பேச்சு இழுத்ததுண்டா என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் தனித்தனியே கேட்கிறோம்.

எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்யலாமா என்று எங்களுக்குள் பேசினோம். செலவைப் பார்த்தால் இப்போதைக்கு முடியாது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஸ்டென்ட்டில் கட்டி வந்தவர்களுக்கு மட்டும் செய்வது என்று வைத்திருக்கிறோம். இவருடைய மகனுக்கும் அந்த *2 பிரதி வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அவருக்கு இப்போது சோதனை தேவையில்லை, ஆனால் என்றாவது குளோபிடோக்ரெல் எழுதப்பட்டால் அப்பாவின் முடிவைக் காட்டச் சொல்லி ஒரு நகல் கொடுத்திருக்கிறேன்.

மாத்திரையை மாற்றிக் கொடுத்த ஊர்க்கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். குறை சொல்லப் போகவில்லை, சீட்டில் உள்ளதை மாற்றும் முன் எங்களை அழைக்கச் சொல்லப் போனேன். கடைக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு குளோபிடோக்ரெல் அடுக்கும் தட்டின் விளிம்பில் ஒரு தாளை ஒட்டி, "ஒமெப்ரசோல் சேர்க்காதே, போன் பண்ணு" என்று எழுதி, அதற்குக் கீழே என் எண்ணைக் குறித்துக்கொண்டார். சென்ற மாதம் வரை ஆறு முறை அழைத்திருக்கிறார்.